முதலில் சூடு, அப்புறம்தான் பால்

மன்னார்குடி வாசகர்: மழையில் நனைந்து, வைக்கோல் போரடியில் ஒரு பூனைக்குட்டி கிடைத்தது. கண் திறக்கவில்லை. பசும்பாலை இங்க் ஃபில்லரில் ஊட்டினோம். வயிறு உப்பி, மூக்கில் பால் வருகிறது. வேறு எந்தப் பால் கொடுக்கலாம்?

எந்தப் பால் என்பதை அப்புறம் பார்ப்போம். நனைந்த குட்டிக்கு ஏன் பால் கொடுத்தீர்கள்? ஐப்பசி பிறந்தாலே இதே கடிதம்தான் வருகிறது. கண் திறக்காத குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. உடம்பு குளிர்ந்தால் குடல் நின்றுவிடும். உள்ளே போன பால் செரிக்காமல் தங்கி வயிறு உப்பும். விழுங்கும் வலுவும் இல்லாததால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

குட்டியின் வாய்க்குள் விரல் வைத்துப் பாருங்கள். உள்ளே சில்லென்றிருந்தால் ஒரு சொட்டும் கூடாது. ஈரத்தைத் துடைத்து, வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் வையுங்கள். சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள மறுபக்கம் காலியாக இருக்கட்டும். அடுப்படியில் கிடத்தாதீர்கள். ஓரிரு மணி நேரத்தில் உடம்பு சூடேறி, கத்தி, விரலைச் சப்பினால் அப்போது பால்.

அதையும் கைக்குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவதுபோல் மல்லாத்திப் புகட்டக் கூடாது. வயிறு தரையில் படும்படி, தாயிடம் குடிக்கும் நிலையிலேயே குடிக்க வேண்டும். பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் பால்பவுடரை வாங்குங்கள். தாய்ப்பூனையின் பாலில் இருக்கும் புரதத்தில் ஏறத்தாழ பாதிதான் பசும்பாலில் இருக்கிறது, வயிற்றுப்போக்கும் வரும். 100 கிராம் குட்டிக்கு ஒரு வேளைக்கு மூன்று மில்லி, மூன்று மணிக்கொரு முறை, இரவிலும். தினமும் எடை பாருங்கள். நாளுக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும்.

உங்கள் குட்டிக்கு மூக்கில் பால் வந்துவிட்டது. மூச்சில் கரகரப்போ, வாய் திறந்த மூச்சோ இருந்தால் இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

திருவையாறு வாசகி: பத்து நாள் குட்டி சிறுநீரே கழிக்கவில்லை.

தாய் நக்கிவிட்டால்தான் கழிக்கும். ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் பின்பக்கத்தை மெல்லத் தடவுங்கள். மூன்று வாரம் வரை இது உங்கள் வேலை.

சீர்காழி வாசகர்: குட்டிக்கு எப்போது தடுப்பூசி?

வயதையும் எடையையும் எழுதாமல் கேட்பவருக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கும். எட்டு வாரத்தில் முத்தடுப்பூசி, மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை, பதினாறு வாரம் வரை. வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். குடற்புழு மருந்தை எடை பார்த்து மருத்துவரே தரட்டும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைமேல் தடவாதீர்கள், பெர்மெத்ரின் இருந்தால் உயிர் போய்விடும்.

பாபநாசம் வாசகி: ஐந்து வாரக் குட்டி மணல் தட்டில் மலம் கழிக்காமல் அரிசி மூட்டை இடுக்கில் போகிறது.

தட்டின் விளிம்பு இரண்டு விரற்கடைக்கு மேல் உயரமாக இருக்கும், பாருங்கள். தாழ்வான தட்டில் ஆற்றுமணல் போட்டு, சாப்பிட்டதும் இறக்கிவிடுங்கள். கட்டியாகும் கடைமணல் இப்போது வேண்டாம், குட்டி தின்றுவிடும். மூட்டை இடுக்கை நன்றாகக் கழுவுங்கள், வாசனை இருக்கும்வரை அங்கேதான் போகும்.