“விற்க மாட்டோம்” என்ற வாக்குறுதி போதுமா?

கேள்வி: ரத்த அழுத்தம், தூக்கம், மாதவிடாய் நாள்களைக் குறித்துவைக்கும் செயலிக்குத் திட்ட அறிக்கை எழுதுகிறோம். தனியுரிமைப் பகுதியில் “தகவலை விற்க மாட்டோம், எல்லாம் என்க்ரிப்ட் செய்யப்படும்” என்று எழுதினோம். முதலீட்டாளர் திருப்திப்படவில்லை. என்ன சேர்ப்பது?

பதில்: முதலீட்டாளர் கேட்பது நியாயம். தகவல் யார் யாரிடம் போகிறது என்பதை அந்த இரண்டு வாக்கியங்களும் சொல்லவில்லை.

ஃப்ளோ என்ற மாதவிடாய்ச் செயலியின் கதையைப் பாருங்கள். உடல்நலத் தகவலை வெளியில் தர மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களின் பகுப்பாய்வு எஸ்.டி.கே.க்கள், அதாவது பயன்பாட்டைக் கணக்கெடுத்து அந்நிறுவனங்களுக்கு அனுப்பும் ஆயத்த நிரல் தொகுப்புகள், செயலிக்குள் இருந்தன. பயனர் கர்ப்ப வாரத்தைத் தேர்ந்தெடுத்ததும் இப்படி ஒரு நிகழ்வுப் பெயர் வெளியே போனது:

```
R_PREGNANCY_WEEK_CHOSEN
```

பெயரைப் படித்தாலே விஷயம் புரிந்துவிடுகிறது. பொதுவாக இதோடு போனின் விளம்பர அடையாள எண்ணும் சேர்ந்து போகும் என்பதால், பயனரின் பெயரை நீக்குவதால் மட்டும் ஆளை மறைத்துவிட முடியாது. என்க்ரிப்ஷனும் இங்கே உதவாது. அது வழியில் ஒட்டுக்கேட்பவரைத்தான் தடுக்கும், பெறுபவரை அல்ல. 2021-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் ஃப்ளோ சமரசத்துக்கு வந்தது. பயனரின் சம்மதமில்லாமல் பகிரக் கூடாது, ஏற்கெனவே பெற்றவர்களிடம் அதை அழிக்கச் சொல்ல வேண்டும் என்பவை நிபந்தனைகளில் அடங்கும்.

ஆகவே வாக்குறுதிக்குப் பதிலாக, ஒவ்வொரு தகவலின் பயணத்தையும் எழுதுங்கள். உதாரணம்: “மாதவிடாய்த் தேதி போனிலேயே இருக்கும். பயனர் பேக்கப்பை இயக்கினால் மட்டும் எங்கள் சர்வருக்கு வரும். பகுப்பாய்வுக் கருவிக்கு ‘திரை திறக்கப்பட்டது’ என்பது மட்டும் போகும். எந்தத் திரை, என்ன மதிப்பு என்பது போகாது.” க்ராஷ் அறிக்கைக் கருவியையும் இதில் சேருங்கள். செயலி நின்றுபோன நேரத்தில் திரையில் இருந்த எண்கள் லாக்கோடு சேர்ந்து போய்விடுவதுண்டு. பலர் கவனிக்காத இடம் இதுதான்.

அடுத்து, இதை எப்படிச் சோதிப்பீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் செயலியின் சோதனைப் பிரதியான டீபக் பில்டை, போக்குவரத்தை இடைமறித்துக் காட்டும் mitmproxy என்ற கருவி வழியாக ஓட்டி, 187/93 போன்ற அபூர்வமான ரத்த அழுத்த அளவை உள்ளிட்டு, வெளியே போகும் போக்குவரத்தில் அதைத் தேடலாம். டீபக் பில்ட் என்று சொல்லக் காரணம், என்க்ரிப்ட் ஆன போக்குவரத்தை அந்தக் கருவி படிக்க நாம் நிறுவும் சான்றிதழை ஆண்ட்ராய்டு 7 முதல் செயலிகள் தாமாக நம்புவதில்லை. அந்த அனுமதியைச் சோதனைப் பிரதியில் மட்டும் கொடுக்க வேண்டும். எண்ணைத் தேடுவதோடு நிறுத்தாதீர்கள். ஃப்ளோ விஷயத்தில் கசிந்தது நிகழ்வுப் பெயர் வழியாக என்பதால், தொடர்புகொள்ளும் சர்வர்களின் பட்டியலையும் நிகழ்வுப் பெயர்களையும் ஒருவர் கண்ணால் படித்தே ஆக வேண்டும்.

கணக்கை அழிப்பது பற்றியும் உண்மையை எழுதுங்கள். பேக்கப் பிரதிகள் 30 நாள் சுழற்சியில் அழிகின்றன என்றால், “உடனே அழியும்” என்று எழுதாமல் “சர்வரில் அன்றே, பேக்கப்பில் 30 நாளுக்குள்” என்றே எழுதுங்கள். வெளிக் கருவிகளிடம் போனதை அழிக்க அவற்றுக்குத் தனிக் கோரிக்கை அனுப்ப வேண்டும். அதை யார் அனுப்புவார் என்பதும் அந்தப் பத்தியில் இருக்கட்டும்.