கவுண்டர் நோட்டீஸ் பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி

கேள்வி: வணக்கம் மேடம். நான் இங்க ஒரு யூனிவர்சிட்டில ரிசர்ச் ஃபெல்லோ. சுங்கை பூலோ சதுப்புநில மண்ணைப் பத்தி 3 வருஷம் சேத்துல நின்னு வேலை செஞ்சு எழுதின பேப்பர் 2024 மார்ச் 14 ஆன்லைன்ல வந்துச்சு. ஜர்னல் பக்கத்துலயே "ஃப்ரீ ஆக்சஸ்"னு போட்டிருந்தாங்க, அதனால அந்த பிடிஎஃப்பை பேப்பர் பகிர்ற ஒரு அமெரிக்க சைட்ல போட்டேன். இப்ப பப்ளிஷர் புகார் குடுத்து தூக்க வச்சுட்டாங்க. எழுதினது நான், ரிவ்யூ பண்ணவங்களுக்கு ஒரு வெள்ளி கூட குடுக்கல, காப்பிரைட் மட்டும் எப்படி அவங்களோடது ஆகும்? நான் எதுலயும் கையெழுத்து போட்டதா ஞாபகமே இல்ல. தூக்கினதை எதிர்த்து எழுதிக் குடுக்க சைட்ல "கவுண்டர் நோட்டீஸ்"னு ஒரு பட்டன் இருக்கு. அமுக்கிடலாமா? – செங்காங் வாசகர்

பதில்: அமுக்காதீங்க தம்பி. முதல்ல உங்க இன்பாக்ஸ்ல பேப்பர் ஏத்துக்கிட்டோம்னு வந்த ஈமெயிலைத் தேடுங்க, அதுக்கு அடுத்த சில நாள்ல "பப்ளிஷிங் அக்ரிமெண்ட்"னோ "காப்பிரைட் ஃபார்ம்"னோ தலைப்பு போட்டு இன்னொண்ணு வந்திருக்கும், அதுல இருந்த லிங்க்கைத் திறந்து ரெண்டு கட்டத்துல டிக் போட்டு பேரை டைப் பண்ணியிருப்பீங்க, ப்ரூஃப் திருத்துற அவசரத்துல ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். அதுதான் கையெழுத்து. சிங்கப்பூர் காப்பிரைட் சட்டப்படி உரிமையை மாத்திக் குடுக்கணும்னா எழுத்துல இருக்கணும், குடுக்குறவர் கையெழுத்து இருக்கணும், ஆனா எலக்ட்ரானிக் டிரான்சாக்‌ஷன்ஸ் சட்டம் வந்த பிறகு பேனாதான் வேணும்னு இல்ல. "நான் பேனாவே தொடல"ங்கிற வாதத்தை நம்பி யாரும் இறங்காதீங்க.

ரிவ்யூ பண்ணவங்களுக்கு காசு குடுக்காதது, 3 வருஷ உழைப்பு, ஜர்னல் படிக்கிறவங்ககிட்ட எவ்வளவு வாங்குது, இதெல்லாம் எனக்குப் புரியுது, ஆனா இந்த விஷயத்துல ஒண்ணுக்கும் உதவாது. கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: நீங்க டிக் போட்ட அந்த ஃபார்ம்ல என்ன எழுதியிருக்கு, அது எந்த வெர்ஷனைப் போட விடுது.

அதுக்கு ஃபார்ம் கிடைக்கிற வரைக்கும் கூட காத்திருக்க வேணாம், பேப்பரோட முதல் பக்கத்தைத் திறந்து கீழ் ஓரத்துல பொடி எழுத்துல இருக்கிற காப்பிரைட் வரியைப் பாருங்க. அங்க பப்ளிஷர் பேரோ சங்கத்தோட பேரோ இருந்தா உரிமையை முழுசா எழுதிக் குடுத்துட்டீங்க. எழுதினவர் பேரைச் சொல்லி யார் வேணும்னாலும் பகிரலாங்கிற CC BY-னு ஒரு லைசென்ஸ் பேரும் அதோட லிங்க்கும் இருந்தா நீங்க நல்லா இருக்கீங்க. மூணாவது வகை ஒண்ணு இருக்கு, அதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க: "தி ஆத்தர்ஸ், அண்டர் எக்ஸ்க்ளூசிவ் லைசென்ஸ் டு" இன்னார்னு இருக்கும். பேர் உங்களோடது, அதனால உரிமையும் உங்ககிட்டன்னு தோணும். உரிமை உங்க பேர்ல இருக்கு, நிஜம்தான், ஆனா வெளியிடுற அதிகாரத்தை நீங்களே கூட பயன்படுத்த முடியாதபடி அவங்களுக்கு மட்டும்னு குடுத்திருக்கீங்க. வீட்டுப் பத்திரம் உங்க பேர்ல, சாவி வாடகைக்காரர் கையில, நினைச்ச நேரம் கதவைத் திறந்து உள்ள போக முடியாது இல்லையா, அந்த மாதிரி.

"ஃப்ரீ ஆக்சஸ்" விஷயத்தையும் இங்கயே சொல்லிடுறேன். ஓப்பன் ஆக்சஸ்னா படிக்க இலவசம், அதோட பேப்பர்லயே ஒரு லைசென்ஸ் ஒட்டியிருக்கும். ஃப்ரீ ஆக்சஸ்னா ஜர்னல் இப்போதைக்கு கதவைத் திறந்து வச்சிருக்கு, அவ்வளவுதான், நாளைக்கே பூட்டலாம், நகல் எடுத்து வேற இடத்துல போட யாருக்கும் அனுமதி குடுக்கல. நீங்க கட்டணம் கட்டி ஓப்பன் ஆக்சஸ் எடுத்ததாச் சொல்லல, லைசென்ஸ் பேரையும் சொல்லல, அதனால உங்க பேப்பர் வெறும் ஃப்ரீ ஆக்சஸ்னுதான் நான் எடுத்துக்கிறேன்.

இப்ப அந்த பட்டனுக்கு வரேன். சைட் அமெரிக்காவுல இருக்கு, புகார் டிஎம்சிஏங்கிற அமெரிக்க சட்டப்படி வந்திருக்கு. புகார் வந்ததும் சைட் ஃபைலைத் தூக்கிடும், நீங்க பேசாம இருந்தா பெரும்பாலும் விஷயம் அங்கயே முடிஞ்சிடும். கவுண்டர் நோட்டீஸ் அனுப்புனா என்ன ஆகும்னு அந்த பட்டனுக்குக் கீழ சின்ன எழுத்துல இருக்கும், கோவத்துல இருக்கிறவங்க யாரும் அதைப் படிக்கிறது இல்ல. அதுல நீங்க மூணு விஷயத்தை எழுதிக் குடுக்குறீங்க. தவறுதலாத்தான் இந்த ஃபைலைத் தூக்கிட்டாங்கன்னு மனசார நம்புறேன், பொய்னா சத்தியப்பிரமாணத்தை மீறின தண்டனைக்கு உட்படுறேன்னு ஒண்ணு. என் பேரு, வீட்டு விலாசம், ஃபோன் நம்பர் இதுன்னு ரெண்டாவது. மூணாவது, நான் அமெரிக்காவுக்கு வெளிய இருக்கேன், அதனால சைட் இருக்கிற ஊரோட அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டோட அதிகாரத்துக்குக் கட்டுப்படுறேன், வழக்கு போட்டா சம்மனையும் வாங்கிக்கிறேன்னு. செங்காங்ல உக்காந்துக்கிட்டு இதை ஏன் தம்பி எழுதிக் குடுக்கணும்?

அதோட நிக்காது. உங்க கவுண்டர் நோட்டீஸை சைட் அப்படியே பப்ளிஷருக்கு அனுப்பிடும். உங்க நோட்டீஸ் சைட்டுக்குக் கிடைச்ச பிறகு 10-லேருந்து 14 வேலை நாளுக்குள்ள, பப்ளிஷர் வழக்கு போட்டதாச் சொல்லலைன்னா, சைட் ஃபைலைத் திரும்பப் போடணும். அதாவது ரெண்டே வழியை அவங்க முன்னாடி வைக்கிறீங்க, ஒண்ணு வழக்கு போடணும், இல்ல ஃபைல் திரும்ப வரதைப் பாத்துக்கிட்டு இருக்கணும். ஒரு ஃபைலைத் தூக்கிட்டு உங்களை மறந்திருக்க வேண்டியவங்களை வக்கீல்கிட்ட போக வைக்கிறது நீங்கதான்.

என்கிட்ட வந்த ஒரு அம்மா இங்க ஒரு கல்லூரில கற்பிக்கிறாங்க. ஒரே நாள்ல அவங்களோட 4 பேப்பரைத் தூக்கிட்டாங்க. ராத்திரி கோவத்துல உக்காந்து 4-க்கும் சேத்து கவுண்டர் நோட்டீஸ் அனுப்பிட்டாங்க, எல்லாத்துக்கும் ஒரே வாசகத்தை காப்பி பண்ணி ஒட்டி. அதுல ஒண்ணு நிஜமாவே CC BY 4.0, பப்ளிஷரோட பிடிஎஃப்பையே எங்க வேணும்னாலும் போடலாம், குடுத்த லைசென்ஸை யாரும் திரும்பப் பிடுங்கவும் முடியாது, அந்தப் புகார்தான் தப்பு, அந்த ஒண்ணுக்கு பட்டனை அமுக்குனது சரி. மத்த மூணும் எழுதிக் குடுத்த பேப்பர். ரெண்டு வாரத்துல வெளிநாட்டு வக்கீல்கிட்டேருந்து கடிதம் வீட்டுக்கு வந்துச்சு, விலாசம் எப்படித் தெரிஞ்சதுன்னு அவங்க கேட்டப்போ அவங்க எழுதின நோட்டீஸை எடுத்துக் காட்டினேன். அதை விட மோசம், தோத்துப்போன மூணோட சேத்து ஜெயிக்க வேண்டிய அந்த ஒண்ணையும் பப்ளிஷர் தரப்புல சந்தேகமாப் பாத்தாங்க. கடைசில மூணு கவுண்டர் நோட்டீஸையும் வாபஸ் வாங்கி, வேற எங்கயாவது போட்டிருந்தா எடுத்துடுறேன்னு எழுத்துல உறுதி குடுத்து சமாதானமாப் போனோம். அதுக்கு என் ஃபீஸ் ஒரு பக்கம், அவங்க தூக்கம் போனது இன்னொரு பக்கம்.

"ஃபேர் யூஸ்னு சொல்லலாமே"ன்னு கேப்பீங்க. சிங்கப்பூர் சட்டத்துலயும் நியாயமான பயன்பாடு இருக்கு, ஆனா எதுக்காக எடுத்தீங்க, எவ்வளவு எடுத்தீங்க, மூலத்தோட விற்பனை அடிபடுமான்னெல்லாம் பாப்பாங்க. முழுப் பேப்பரையும் யார் வேணும்னாலும் டவுன்லோட் பண்ற மாதிரி போட்டுட்டு இதைச் சொன்னா நிக்காது. அதோட உங்க அக்ரிமெண்ட் இங்கிலாந்து சட்டத்தையோ நியூயார்க் சட்டத்தையோ சொல்லியிருந்தா பேச்சே வேற இடத்துக்குப் போயிடும்.

சரி, நீங்க எதைப் பகிரலாம்? உங்க கையில மூணு வெர்ஷன் இருக்கும். முதல்ல அனுப்பின வரைவு, அதை ப்ரீபிரிண்ட்னு சொல்லுவோம், பெரும்பாலான ஜர்னல் அதைத் தடுக்கிறது இல்ல. ரெண்டாவது, ரிவ்யூ திருத்தமெல்லாம் முடிஞ்சு ஏத்துக்கிட்ட உங்க வேர்ட் ஃபைல், அதுதான் அக்செப்டட் மேனுஸ்கிரிப்ட். மூணாவது, அவங்க எடிட் பண்ணி, லோகோ வச்சு, பக்க எண் போட்ட பிடிஎஃப். நீங்க போட்டது மூணாவது. அக்ரிமெண்ட் பெரும்பாலும் திருப்பிக் குடுக்கிறது ரெண்டாவதை, அதுவும் எம்பார்கோன்னு ஒரு காத்திருப்புக் காலம் வச்சு.

உங்க ஃபார்ம்ல 12 மாசம்னு இருந்தா கணக்கைப் பாருங்க. பேப்பர் ஆன்லைன்ல வந்தது 2024 மார்ச் 14, அதனால 2025 மார்ச் 14 வரைக்கும் காத்திருக்கணும். ஏத்துக்கிட்டது ஜனவரின்னு வச்சுக்கிட்டா அந்த ஜனவரிலேருந்து எண்ணி ரெண்டு மாசம் முன்னாடியே போட்டு மாட்டிக்கிட்டவங்களையும் பாத்திருக்கேன், அதனால எந்த நாள்லேருந்து எண்ணணும்னு ஃபார்ம்லயே படிங்க. இன்னொரு பொறி இருக்கு. காலம் முடிஞ்சாச்சுன்னு அந்த வேர்ட் ஃபைலை மறுபடியும் அதே அமெரிக்க சைட்லயே போடுவாங்க. அக்ரிமெண்ட்ல பாத்தா யூனிவர்சிட்டி தன் ஆளுங்க பேப்பரைச் சேத்து வைக்கிற ரெபாசிட்டரி, உங்க சொந்த வெப்சைட் இவ்வளவுதான் இருக்கும், காசு பாக்குற நெட்வொர்க் சைட் அந்தப் பட்டியல்லயே இருக்காது. எம்பார்கோ எப்ப முடியுதுங்கிறது ஒரு கேள்வி, எங்க போடலாங்கிறது வேற கேள்வி, ரெண்டுக்கும் தனித்தனியா பதில் தேடணும்.

உங்க யூனிவர்சிட்டிக்கும் ரெபாசிட்டரி இருக்கும், அதைப் பாத்துக்க லைப்ரரில ஆள் இருப்பாங்க. ஃபார்மையும் வேர்ட் ஃபைலையும் அவங்ககிட்ட குடுங்க, தேதி வரைக்கும் பூட்டி வச்சு அன்னைக்கு தானா திறக்குற மாதிரி போட்டுத் தருவாங்க. வேர்ட் ஃபைல் தொலைஞ்சு போச்சுன்னா ஜர்னலோட சப்மிஷன் சிஸ்டத்துல லாகின் பண்ணிப் பாருங்க, கடைசியா ஏத்தின ஃபைல் பெரும்பாலும் அங்க கிடக்கும், கோ-ஆத்தர்கிட்டயும் கேளுங்க. போடும்போது மேல ஜர்னல்ல இருக்கிற பேப்பருக்குக் கொண்டு போற நிரந்தர டிஓஐ லிங்க் வைக்கச் சொல்லுங்க, நிறைய ஃபார்ம் அதையும் கேக்குது.

யாராவது ஈமெயில்ல பேப்பர் கேட்டா ஆளுக்கு ஒண்ணா அனுப்புறதை பெரும்பாலான அக்ரிமெண்ட் விடுது, உங்க ஃபார்ம்ல அந்த வரி இருக்கான்னு பாத்துட்டு அனுப்புங்க. அந்த சைட்ல உங்க பேப்பரோட பேரும் சுருக்கமும் டிஓஐயும் மட்டும் இருக்கட்டும், ஃபைல் வேணாம்.

தூக்கிட்டோம்னு சைட் அனுப்பின ஈமெயிலுக்கு பதில் போடத் தேவையில்ல. ஆனா அதே பேப்பரை வேற எங்கயாவது போட்டிருந்தா இன்னைக்கே எடுங்க, பழைய லேப் வெப்சைட்டையும் பாருங்க, அதை எல்லாரும் மறந்துடுறாங்க. முதல் பக்கத்துல CC BY-ன்னு இருந்தா மட்டும் அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, அந்த கவுண்டர் நோட்டீஸை நானே உக்காந்து எழுதித் தரேன்.