முதலாளி எழுதியது போல ஒரு பதில்

கேள்வி: இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். முதலாளிக்கு 70 வயது. கையெழுத்து போடுவதோடு சரி. முன்பு கடையில் வேலை பார்த்தவர் மகள் கல்யாணத்துக்கு அழைத்து, “மரியாதைக்குரிய அண்ணாச்சி” என்று தொடங்கிக் கடிதம் போட்டிருக்கிறார். “போக முடியாது, பதில் எழுதிடும்மா” என்றார். “தங்கள் அன்பு மடல் கண்டு பேருவகை கொண்டேன்” என்று எழுதிக் காட்டினேன். “நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் எழுதுன மாதிரி இல்லையே” என்கிறார். அவர் எழுதிய ஒரு வரிகூட என்னிடம் இல்லை. என்ன செய்வது?
— வாசகி, விருதுநகர்

பதில்: எழுதியதுதான் இல்லை, பேச்சு இருக்கிறதே அம்மா. தினமும் உங்கள் காதில் விழுகிற பேச்சு. நீங்கள் அதை விட்டுவிட்டு, கடிதம் என்றாலே இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை எடுத்து வைத்திருக்கிறீர்கள். அந்த மடலும் பேருவகையும் யார் பெயரில் போனாலும் பொருந்தும். அதனால்தான் அவருக்கு அது தன்னுடையதாகத் தெரியவில்லை.

மறுபடியும் அவரிடம் போங்கள். “என்ன எழுதட்டும்?” என்று கேட்காதீர்கள், கேட்டால் அவரும் மேடைத் தமிழுக்குப் போய்விடுவார். “அவர் இப்போ எதிரே வந்து நின்னா என்ன சொல்வீங்க?” என்று கேளுங்கள். சொல்வதைத் திருத்தாமல், சொன்ன வரிசையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “அடேயப்பா, அந்தப் புள்ளைக்கா கல்யாணம்? கடைக்கு வந்தா ஆணி டப்பாவைக் கவுத்துப் போட்டு எண்ணிக்கிட்டே இருக்கும். எனக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு, பஸ் ஏற முடியாது. பெரியவனை அனுப்புறேன். முகூர்த்தத்துக்கு முன்னாடியே வந்து நிப்பான்.”

இதில் நீங்கள் தொட வேண்டியது பெரும்பாலும் வினைமுடிவுகளை மட்டும்தான். அவர் வரிசையும் அவர் சொற்களும் அப்படியே இருக்கட்டும்:

“தம்பிக்கு, கடிதம் கிடைத்தது. அடேயப்பா, அந்தப் பிள்ளைக்கா கல்யாணம்! கடைக்கு வந்தால் ஆணி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு எண்ணிக்கொண்டே இருக்கும். எனக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பஸ் ஏற முடியாது. பெரியவனை அனுப்புகிறேன். முகூர்த்தத்துக்கு முன்னாடியே வந்து நிற்பான்.”

‘முன்னாடியே’ என்பதை ‘முன்னதாகவே’ என்று மாற்றக் கை வரும். வேண்டாம். ‘அறுவைச் சிகிச்சை’யும் வேண்டாம், அவர் வாயில் அது வராது. இன்னொரு பக்கம் சறுக்குகிறவர்களும் உண்டு. வட்டாரப் பேச்சு என்று நினைத்து ‘ஏலே’, ‘வாய்யா’ என்று தூவிவிடுவார்கள். அவர் சொல்லாத ஒன்றை நீங்கள் சேர்த்தால், மண் வாசனையோடு சேர்த்தாலும் அது பொய்க்குரல்தான்.

இரண்டு இடங்களில் மட்டும் நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஒன்று, நீயா நீங்களா என்பது. வந்த கடிதத்தில் ‘அண்ணாச்சி’ என்று இருப்பதால் ‘தம்பி’ பொருந்தும் என்று ஊகிக்கலாம். அதற்கு மேல் கூடாது. கடையில் ‘நீ’ என்று கூப்பிட்டிருப்பார். ஆனால் இது பெண் வீட்டுக்குப் போகிற கடிதம்; சம்பந்தி வீட்டார் கையிலும் சிக்கலாம். ‘நீங்கள்’ போடச் சொல்வாரோ என்னவோ, கேட்டே எழுதுங்கள். மற்றது, அவர் சொல்லாத உணர்ச்சியும் வாக்கும். “வர முடியாததை நினைத்துக் கண்கலங்கினேன்” என்று நீங்கள் எழுதி, அந்த மனிதர் அடுத்த வாரம் போனில் அதையே கேட்டால் முதலாளி என்ன சொல்வார்? மொய், சீர் பற்றி அவராகச் சொன்னால் ஒழிய ஒரு சொல்லும் வரக் கூடாது. பெரிய மகன் வருவது உறுதிதானா என்றும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

பிறகு கடிதத்தை அவர் கையில் கொடுக்காமல் நீங்களே உரக்கப் படியுங்கள். கண்ணால் படித்தால் எல்லாம் சரியாகத் தெரியும். காதில் விழும்போதுதான் தன் குரல் இல்லாத இடம் உறுத்தும். “நல்லாருக்கு” என்று மொத்தமாகச் சொன்னால் அதை நம்ப வேண்டாம். “அந்தப் புள்ளை இல்லம்மா, பாப்பான்னு போடு” என்று இடையில் மறித்தால், அந்தச் சொல்லைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த கடிதத்துக்கு உங்களிடம் மாதிரி இல்லாமல் இருக்காது.

அவர் ஊரில் இல்லை, கேட்கவும் வழியில்லை, பதில் இன்றே போக வேண்டும் என்றால் சின்னதாக எழுதுங்கள். கடிதம் கிடைத்தது, வர முடியவில்லை, காரணம் இது, பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்: நான்கு வரி, அலங்காரம் இல்லாமல். அதில் அவர் குரல் முழுதாக இருக்காது. ஆனால் வேறொருவர் குரலும் இருக்காது.