பெயரை மாற்றினால் சாய்வு போய்விடுமா?

"சமூக அறிவியல் வினா வங்கியில் 600 கேள்விகள். ஒரு தரப்புக்குச் சாய்வு இருக்கக் கூடாது என்று, கேள்விகளில் வரும் ஆட்களின் பெயர்களை எல்லாம் கலந்து போட்டுவிட்டோம், ஆண் பெண் எண்ணிக்கையும் சமம். இனி அச்சுக்கு அனுப்பலாமா?"

அனுப்ப வேண்டாம். பெயர் என்பது மேல்தோல்தான். "சாய்வு நீக்கப்பட்டது" என்று சான்றிதழ் ஒட்டி வினா வங்கி விற்கும் தரகர்கள் செய்வதும் இதே பெயர் மாற்றும் வேலைதான். காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் சரிபார்த்த ஒரு கேள்வியைப் பாருங்கள். "கீழ்க்கண்டவற்றில் எது தேவை அல்ல? அ) குடிநீர் ஆ) கைபேசி இ) உடை ஈ) மருந்து." விடைக்குறிப்பில் கைபேசி. ஒரு பையன் மருந்தைத் தேர்ந்தெடுத்திருந்தான். காரணம் கேட்டேன். "அப்பாவுக்கு வேலைக்குக் கூப்பிடுவது போனில்தான். எங்கள் வீட்டில் யாருக்கும் நோய் இல்லை" என்றான். பாடம் அவனுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. கேள்வி எழுதியவர் மனதில் இருந்த வீடுதான் வேறு. பெயரே இல்லாத கேள்வி இது, எதை மாற்றுவீர்கள்?

அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் "யாருக்கு? எப்போது?" என்று கேட்டுப் பாருங்கள். விடை மாறினால் அந்தச் சூழலைக் கேள்விக்குள்ளேயே எழுத வேண்டும். "தினக்கூலி வேலைக்கு அழைப்பு கைபேசியில் மட்டுமே வரும் ஒருவருக்குக் கைபேசி தேவையா, விருப்பமா? ஏன்?" என்று கேட்டால் குழப்பம் தீர்ந்தது.

அப்புறம், 100 பேர் எழுதிய பழைய விடைத்தாள்கள் இருந்தால் மொத்த மதிப்பெண்படி அடுக்கி, மேலே 27, கீழே 27 எடுங்கள். ஒரு கேள்வியில் மேல் கட்டும் கீழ் கட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் தவறியிருந்தால் சந்தேகப்படுங்கள். மேல் கட்டு அதிகம் தவறியிருந்தால் முதலில் விடைக்குறிப்பைப் பாருங்கள், அதுவே தவறாக இருக்கலாம். இருபது பேர் வகுப்பென்றால் கணக்கு உதவாது. நாலைந்து பேரை உட்காரவைத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் கை வைக்காதீர்கள்: வரலாற்று ஆவணங்களின் மேற்கோள். காலனி ஆட்சி அதிகாரி ஒருவர் உள்ளூர் மக்களைக் "காட்டுமிராண்டிகள்" என்று எழுதியிருந்தால் அதை நாகரிகமாகத் திருத்துவது ஆவணத்தையே பொய்யாக்கும். அது யார், எந்த ஆண்டில், யாருக்கு எழுதியது என்று மேலே குறிப்பிட்டு, "எழுதியவரின் பார்வை எந்தச் சொல்லில் தெரிகிறது?" என்று கேளுங்கள். அதே சொல் மேற்கோள் குறி இல்லாமல் கேள்வி வாக்கியத்தில் வந்தால் வெட்டுங்கள். "1492-இல் அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் யார்?" என்பது இந்த ரகம்தான். அங்கே ஏற்கெனவே மக்கள் வாழ்ந்தார்கள். "கொலம்பஸ் 1492-இல் கரீபியன் தீவுகளை அடைந்தார்" என்று தொடங்கினால் போதும்.

சரி, 600-ஐயும் ஒரே நாளில் பார்க்கச் சொல்வார்கள். அச்சகத்துக்கு முந்தைய நாள்தானே குழுவே கூடும்! ஒரு நாளைக்கு 40 கேள்விக்கு மேல் பார்க்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.