சிங்கப்பூர் ஆபீஸில் மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார்கள், மீட்டிங்கில் கருத்துச் சொல் என்கிறார்கள். ஆனால் நான் வாய் திறந்தால் எல்லாரும் அமைதியாகிவிடுகிறார்கள். ஏன்?

நீங்கள் வேலை செய்வது பன்னாட்டு கம்பெனி, மேனேஜர் உள்ளூர்க்காரர், அவருக்கு மேல் ஒரு பெரிய தலை ஐரோப்பாவிலிருந்து வீடியோவில் வருவார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பத்துப் பேர் கொண்ட ஸ்டார்ட்அப் என்றால் இதை விட்டுவிடுங்கள், அது வேறு உலகம்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம், அவ்வளவுதான். முடிவு எடுப்பவர் யார் என்பது அதனால் மாறிவிடாது. இங்கே பல ஆபீஸ்களில் மீட்டிங் என்பது ஏற்கெனவே பேசி முடித்ததைப் பதிவு செய்யும் இடம். மறுப்பெல்லாம் அதற்கு முன்பே, ஒருவருக்கொருவர் தனியாகப் பேசித் தீர்ந்திருக்கும். மேனேஜரின் திட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று அவருடைய மேலதிகாரியின் முன்னால் நீங்கள் சொன்னால், கருத்து எவ்வளவு சரியாக இருந்தாலும் அவருக்கு மானப் பிரச்சினை. மற்றவர்கள் அமைதியானது அதனால்தான். உங்கள் ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் இருப்பது லாஜிஸ்டிக்ஸில். கிடங்கின் பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்கு மாற ஒரு வாரக்கடைசியைக் குறித்திருந்தார்கள். மாறும்போது இருக்கும் சரக்கை எல்லாம் ஆள் வைத்துக் கையால் எண்ண வேண்டும். அந்த வாரக்கடைசிக்கு அடுத்த இரண்டாம் நாள் சீனப் புத்தாண்டு. எங்கள் கிடங்கு ஆட்களில் பாதிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரிலிருந்து வருபவர்கள். புத்தாண்டுக்கு முந்தைய இரவு குடும்பத்தோடு சாப்பிட உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் எந்தக் கூட்டத்தில் நின்றாவது போய்விடுவார்கள், அதற்கு முன்பே லீவும் போட்டுவிடுவார்கள். மீட்டிங்கில் இருந்த எல்லாருக்கும் இது தெரியும். “எல்லாருக்கும் ஓகேயா?” என்று மேனேஜர் கேட்டார். தலைகள் ஆடின.

நான் அங்கே பேசவில்லை. மறுநாள் காலை அவர் பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கோசோங் வாங்கக் கீழே இறங்கும்போது கூடவே போனேன். தேதி தப்பு என்று சொல்லவில்லை. லீவு அட்டவணையை போனில் காட்டி, “சனிக்கிழமை எண்ணுவதற்கு யாரைப் போடலாம்?” என்று மட்டும் கேட்டேன். அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோப்பி வந்தது, எடுத்துக்கொண்டு நடந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மீட்டிங்கில், புத்தாண்டின் பதினைந்து நாளும் முடிந்த பிறகு மாறலாம் என்று தானே யோசித்ததுபோல அறிவித்தார். என் பெயர் வரவில்லை. வருட முடிவு மதிப்பீட்டில் வந்தது, எனக்கு அது போதும்.

“இது காக்கா பிடிப்பதுதானே” என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். காக்கா பிடிப்பவன் தேதி அருமை என்று சொல்லியிருப்பான்.

இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். நீங்கள் பேசும்போது “இதைத் தனியாகப் பேசுவோம்” என்று மேனேஜர் சொன்னால் அது மறுப்பு இல்லை. ஆனால் இரண்டு மூன்று நாளில் காலண்டரில் அழைப்பு வராவிட்டால் விஷயம் செத்துவிட்டது, நீங்களே அரை மணி நேரம் கேட்டு அனுப்புங்கள். இன்னொன்று, ஒரே மீட்டிங்கில் இரண்டு பாஷை ஓடும். எங்கள் ஐரோப்பியத் தலை “இந்த ஸ்லைடு புரியவில்லை” என்று பத்துப் பேர் முன்னால் சொல்வார், மனதில் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார். உள்ளூர் மேனேஜர் “முடிந்தால் இரண்டாவது ஸ்லைடை இன்னொரு தடவை பாருங்களேன்” என்பார். அதற்கு இன்றைக்கே மாற்று என்று பொருள். பின்னவர்தான் கடுமையாகச் சொன்னவர்.

ஃபோர்க்லிஃப்ட் ஓடும் இடத்தில் ஆபத்து என்றால் இந்த நாசூக்கெல்லாம் வேண்டாம். யார் முன்னால் என்றாலும் உடனே சொல்லுங்கள்.

மதியம் நம்மவர்களோடு மட்டும் உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். உணவங்காடியில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடிக்கும் அந்த நேரத்தில்தான் யார் எந்தத் திட்டத்தில் கடுப்பாக இருக்கிறார்கள் என்பது தெரியவரும். சைவம் என்றாலும் போகலாம், பெரும்பாலும் இந்தியக் கடை ஒன்று இருக்கும். வார இறுதி, சாப்பாடு, ஜொகூர் டிராஃபிக் எல்லாம் பேசலாம். சம்பளமும் நிரந்தரவாச விண்ணப்பமும் வேண்டாம்.

இவ்வளவு நாசூக்கு பார்க்கும் ஊரில், வாடகை வீடு தேடும்போது மட்டும் “இந்தியர் வேண்டாம், சமையல் கூடாது” என்று முகத்துக்கு நேராகச் சொன்ன ஏஜென்டுகளை நானே பார்த்திருக்கிறேன். 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் இனம், குடியுரிமை பார்த்து வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. வீட்டு வாடகை அதில் வராது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் நீங்களும் சீக்கிரம் வீடு தேடுவீர்கள்.