0/0 வந்தால் எந்த வழியில் போவது?

"எல்லைக் கணக்கில் எப்போது காரணிப்படுத்துவது, எப்போது இணையால் பெருக்குவது, எப்போது sin x/x சூத்திரம்?"

முதலில் x-க்கு எண்ணை நேரடியாகப் போட்டுப் பாருங்கள். சாதாரண எண் வந்தால் பெரும்பாலும் அதுதான் விடை, வேறு வித்தை வேண்டாம். எல்லை என்பது x ஒரு எண்ணை நெருங்கும்போது சார்பு எதை நெருங்குகிறது என்பதுதான். தெருவில் 12, 14, அப்புறம் பலகை விழுந்த ஒரு வீடு, அடுத்து 18 என்றால், அந்த வீட்டு எண் 16 என்று பக்கத்து வீடுகளே சொல்லிவிடும் இல்லையா, அதுபோல. அங்கே 16 என்றே பலகை மாட்டினால் அது தொடர்ச்சி.

0/0 வந்தால் மேலும் கீழும் பூஜ்ஜியமாகும் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது. அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் வழியை முடிவு செய்யும். x→3 எனும்போது (x²−9)/(x−3) போலப் பல்லுறுப்புக் கோவை என்றால் காரணிப்படுத்தினாலே (x−3) வெளியே வந்துவிடும், மிச்சம் x+3, எல்லை 6.

வர்க்கமூலத்துக்குள் இருந்தால் காரணி கண்ணுக்குத் தெரியாது. x→0 எனும்போது (√(x+4)−2)/x எடுத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் இணையான √(x+4)+2 ஆல் பெருக்கினால் மேலே (x+4)−4, அதாவது வெறும் x. அது கீழே உள்ள x-உடன் அடிபட்டு 1/(√(x+4)+2) மிஞ்சும், விடை 1/4. கீழே உள்ள அடைப்பை விரித்து எழுதாதீர்கள், அங்கேதான் பலர் சிக்குகிறார்கள்.

x→0 எனும்போது sin 3x/x-இல் எதையும் வெட்ட முடியாது, அதனால் 3·(sin 3x/3x) என்று கோணத்தையே கீழே கொண்டுவர வேண்டும், அடைப்புக்குள் இருப்பது 1-ஐ நெருங்கும், விடை 3.

sin x/x எப்போதும் 1 என்று நினைக்காதீர்கள்: கோணம் ரேடியனில் 0-வை நெருங்கினால் மட்டுமே 1, x→π என்றால் அதே கோவைக்கு எல்லை 0.