டாஷ்கேம் வீடியோவில் வண்டி எண்ணையும் முகத்தையும் மறைப்பது எப்படி?

கேள்வி: டாஷ்கேம் கிளிப் ஒன்றை யூடியூபில் போடணும். மற்ற வண்டிகளின் நம்பரையும் முகங்களையும் ப்ளர் செய்தால் பாதியில் விலகிப் போகுது. என்ன செய்யலாம்?

நான் DaVinci Resolve இலவசப் பதிப்பில்தான் செய்கிறேன், அதை வைத்தே சொல்கிறேன்.

ப்ளர் விலகுவதற்குப் பெரும்பாலும் காரணம், வண்டி தூரத்தில் புள்ளியாக இருக்கும்போதே டிராக்கிங்கைத் தொடங்குவதுதான். அந்த அளவில் டிராக்கர் பிடித்துக்கொள்ள நம்பர் பிளேட்டில் எதுவும் இருக்காது. சிக்னலில் ஒரு பைக் உங்களைத் தாண்டி முன்னால் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேட் மிகப் பெரிதாகத் தெரியும் ஃப்ரேமில் நிறுத்தி, Color பக்கத்தில் சதுர Window ஒன்றை அதைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். அங்கிருந்து முன்னோக்கி ஒருமுறை, பிறகு அதே ஃப்ரேமுக்குத் திரும்பி வந்து பின்னோக்கி ஒருமுறை டிராக் செய்யுங்கள். சதுரம் நடுங்கினால் Rotate, 3D இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

நடுவில் ஒரு பஸ் குறுக்கே போனால் டிராக்கர் பைக்கை விட்டுவிட்டு பஸ்ஸோடு போய்விடும். அந்த இடத்தில் Tracker-ஐ Clip-இலிருந்து Frame-க்கு மாற்றி, சில ஃப்ரேமுக்கு ஒருமுறை சதுரத்தைக் கையால் நகர்த்தி வையுங்கள், இடைப்பட்டதை அது நிரப்பிக்கொள்ளும். Clip-இலேயே வைத்து நகர்த்தினால் முழுப் பாதையும் சேர்ந்து நகர்ந்து, சரியாக இருந்ததும் கெட்டுவிடும்.

அடுத்தது இதைவிட முக்கியம். வண்டி எண்ணுக்கு ப்ளரும் வேண்டாம், மொசைக்கும் வேண்டாம், முழுக் கறுப்பு போடுங்கள். மொசைக் கட்டங்களுக்கு அடியில் பிளேட் நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒவ்வொரு ஃப்ரேமும் எழுத்தின் வேறொரு துண்டைக் கசியவிடுகிறது. 30 எஃப்பிஎஸ் வீடியோவில் மூன்று விநாடி என்றால் 90 ஃப்ரேம், அவற்றைச் சேர்த்துப் பார்த்து எண்ணை மீட்க வழி இருக்கிறது. அதிலும் TN என்று தொடங்கும் எண்ணின் வடிவம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே, ஊகிக்க வேண்டியது இன்னும் குறைகிறது. அதனால் சதுரம் போட்ட நோடில் Gain-ஐ அடிமட்டம் வரை இறக்கி, சதுரத்தின் ஓர மென்மையை பூஜ்யமாக்கிவிடுங்கள். கறுப்புக்கு அடியில் மீட்க எதுவும் மிஞ்சாது.

முகத்துக்கு ப்ளர் போடலாம், ஆனால் தலைமுடி, காது வரை மூடுகிற அளவுக்குப் பெரிதாக, கண் எது மூக்கு எது என்று தெரியாத அளவுக்கு அழுத்தமாக இருக்கணும். தலையைத் திருப்பும் இடத்தில் டிராக்கர் தவறும், அங்கேயும் Frame-க்கு மாறிக் கைவேலைதான்.

அப்புறம், எக்ஸ்போர்ட் செய்த ஃபைலையே ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள், குறிப்பாக வண்டி உள்ளே வரும் முதல் சில ஃப்ரேம்களையும் வெளியேறும் கடைசி சில ஃப்ரேம்களையும். ஒரே ஒரு ஃப்ரேம் தப்பினாலும், வீடியோவை நிறுத்திப் பார்ப்பவருக்கு அது போதும். ஆட்டோ, டாக்ஸி, லாரிகளில் பக்கவாட்டிலும் எண் எழுதியிருப்பார்கள், அதையும் தேடுங்கள். தம்ப்நெயிலை ஒரிஜினல் கிளிப்பிலிருந்து எடுக்காமல், மறைத்து முடித்த இந்த ஃபைலிலிருந்தே எடுங்கள்.